மண்டபம் பதிவு செய்திருப்பவர்கள் கவனத்துக்கு

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எங்கள் மண்டபத்தில் மாலை நிகழ்ச்சிக்கான நேரம் 5 மணி முதல் 10 மணி வரை. முன்பு 11 வரை இருந்தது. ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்கும் இதே நேரம்தான். தேதியும் வாடகையும் மாறாது.

அலங்காரம், ஒலிபெருக்கி ஆட்களுக்குப் பின்வாசல் மதியம் 2 மணிக்குத் திறக்கும். காலை நிகழ்ச்சியின் பொருட்கள் வெளியேறவே 1 மணி தாண்டிவிடும். அப்புறம் கூட்டித் துடைக்க வேண்டும். அதனால் 12 மணிக்கே வண்டியோடு வந்து நின்றால் உள்ளே விட முடியாது.

இரவு 11.30க்குள் மண்டபம் காலியாக வேண்டும். 10 மணி என்பது விருந்தினர் கிளம்பும் நேரம், 11.30 என்பது கடைசிப் பொருளும் வண்டியில் ஏறியிருக்க வேண்டிய நேரம். பலரும் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள்.

பின்னாலிருந்து கணக்குப் போட்டால் எளிது. பெரிய மேடை அலங்காரத்தைப் பிரித்து ஏற்ற ஒரு மணி நேரமாவது ஆகும். அப்படியானால் வண்டி 10 மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். கடைசி வரிசை 9 மணிக்குச் சாப்பிட உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி 11க்கு வந்தால் சிக்கல்தான்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டதென்றால் பரவாயில்லை, தொடக்க நேரம் பழையதுதான். அலங்காரக்காரருக்கு மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள். பழைய நேரத்தை மனதில் வைத்து வருபவர் பெரும்பாலும் அவர்தான்.