குத்துவிளக்கின் விலை

இணையத்தில் விற்பதற்காகக் கும்பகோணத்திலிருந்து 50 சிறிய பித்தளைக் குத்துவிளக்குகளை, வரி நீங்கலாக, ஒன்று 400 ரூபாய்க்கு வாங்கினேன். லாரி வாடகை 1,500 ரூபாயும், பார்சல் அலுவலகத்திலிருந்து பெங்களூரு அல்சூரில் உள்ள வீட்டுக்கு ஆட்டோவுக்கு 300 ரூபாயும் ஆயின. பிரித்துப் பார்த்தபோது மூன்று விளக்குகளின் தண்டு வளைந்திருந்தது. ஆகவே மொத்தச் செலவான 21,800 ரூபாயை 50 ஆல் அல்ல, விற்கக்கூடிய 47 ஆல் வகுக்க வேண்டும்; வீடு வந்து சேர்ந்த அடக்கம் 464 ரூபாய்.

இதனுடன் அட்டைப்பெட்டி, குமிழித் தாள், டேப்புக்கு 38, கூரியருக்கு 90, இருபதில் ஒன்று திரும்பி வரும் என்ற கணக்கில் 12 சேர்த்தால் 604 ரூபாய்.

என் தவறு இதற்குப் பிறகுதான் நிகழ்ந்தது. விற்பனைத் தளத்தின் கமிஷன் 15 சதவீதம், எனக்கு லாபம் 20 சதவீதம் என்று 604 மீது 35 சதவீதம் ஏற்றி 815 ரூபாய் என எழுதினேன். கமிஷனோ அடக்கத்தின் மீதல்ல, விற்பனை விலையின் மீது பிடிக்கப்படுகிறது. அது போக 89 ரூபாய், அதாவது 11 சதவீதம்தான் மிஞ்சியது. கமிஷன் 15, லாபம் 20 இரண்டும் விற்பனை விலையில் போனால் மீதி 65 சதவீதம்தான் அடக்கத்துக்கு; ஆகவே 604 ஐ 0.65 ஆல் வகுத்திருந்தால் ஏறத்தாழ 930 என்ற சரியான விலை கிடைத்திருக்கும்.

ஆனால் இதே அளவு விளக்கை மற்றவர்கள் 850 ரூபாய்க்குத் தருகிறார்கள். 930 க்கு என்னிடம் யார் வாங்குவார்கள்? 850 இல் எனக்கு 118 ரூபாய், ஏறத்தாழ 14 சதவீதம் நிற்கிறது, அதற்கே உடன்பட்டேன். தீபாவளித் தள்ளுபடி கேட்டாலும் 711 க்குக் கீழே இறங்க மாட்டேன், அங்கே லாபம் சுழியம்.