ஃப்ளிக்கர் இல்லாமல் ஒரு வாட்டர்கலர் வீடியோ: சீட், ஆப்டிகல் ஃப்ளோ, அப்புறம் ஒரு நிழல்

கையில் இருந்தது ஐந்து விநாடி கிளிப். வெள்ளையடித்த பழைய சுவர், அதன் முன்னால் ஒருவர் சைக்கிளில் இடமிருந்து வலமாகப் போகிறார், கேமரா ட்ரைபாடில் அசையாமல் நிற்கிறது. இதை வாட்டர்கலர் ஓவியம் மாதிரி மாற்ற வேண்டும். படம் வரையும் மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-ல் இமேஜ்-டு-இமேஜ் முறையில் ஒவ்வொரு ஃப்ரேமாகக் கொடுத்தால் தனித்தனிப் படங்கள் அருமையாக வருகின்றன, சேர்த்து ஓட்டினால் கண் வலிக்கிறது. சுவரின் கறைகள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடம் மாறிக் கொதிக்கின்றன.

முதலில் ஃப்ரேம்களைப் பிரித்தேன். 24-க்குப் பதில் 12 fps எடுத்ததற்குக் காரணம், கையால் வரைந்த அனிமேஷனுக்கு அது பொருந்தும், வேலையும் பாதி.

```
ffmpeg -i in.mp4 -vf "fps=12,scale=768:432" f/%04d.png
```

768, 432 இரண்டும் எட்டால் வகுபடும். மாடலுக்கும் அது வேண்டும், ஆப்டிகல் ஃப்ளோ, அதாவது ஒவ்வொரு பிக்சலும் ஒரு ஃப்ரேமிலிருந்து இன்னொன்றில் எங்கே நகர்ந்தது என்று கணக்கிட நான் எடுத்த ராஃப்ட் மாடலுக்கும் அது வேண்டும்.

எதையும் சரிசெய்வதற்கு முன் ஃப்ளிக்கரை நின்று பார்க்க ஒரு வழி தேவைப்பட்டது. ஓடும் வீடியோவைப் பார்த்து "இது கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை, பத்து தடவை பார்த்தால் கண் பழகிவிடும். அதனால் எல்லா ஃப்ரேமிலிருந்தும் ஒரே ஒரு கிடைமட்ட வரிசையை, சைக்கிள்காரரின் தோள் உயரத்தில், வெட்டியெடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். 60 ஃப்ரேம், 60 வரிசை, கீழே போகப்போக நேரம் நகர்கிறது. அசையாத சுவர் இதில் நேரான செங்குத்துக் கோடுகளாக வர வேண்டும், சைக்கிள்காரர் சாய்ந்த ஒரு பட்டையாக வர வேண்டும். என் முதல் படத்தில் செங்குத்துக் கோடே இல்லை, சேனல் வராத பழைய டிவி மாதிரி வெறும் புள்ளிகள்.

அடுத்து சீட், அதாவது மாடல் வரையத் தொடங்கும் தற்செயல் புள்ளிகளை, நாய்ஸை, தீர்மானிக்கும் எண். டிஃப்யூசர்ஸ் லைப்ரரியில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெனரேட்டரை லூப்புக்கு வெளியே ஒருமுறை உருவாக்கி சீட் கொடுத்தால் போதாது, ஒவ்வொரு அழைப்பிலும் அதன் உள்நிலை நகர்ந்துவிடும், இரண்டாவது ஃப்ரேமுக்கே வேறு நாய்ஸ் போகும். பார்க்க சீட் நிலையாக இருப்பது போலத்தான் தெரியும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதிதாக வைக்க வேண்டும்:

```python
for i in range(n):
    g = torch.Generator("cuda").manual_seed(4127)
    out = pipe(prompt, image=init[i],
               strength=0.6, generator=g).images[0]
```

இதைச் செய்ததும் அடுக்குப் படத்தில் சுவர் செங்குத்துக் கோடுகளாக இறங்கியது, அங்கங்கே மட்டும் லேசாக நடுங்கியது. ஆனால் சைக்கிள்காரரின் சாய்ந்த பட்டைக்கு உள்ளேயும் செங்குத்துக் கோடுகள்! அதாவது அவர் நகர்கிறார், அவர் சட்டையில் இருக்கும் தூரிகைத் தடம் திரையிலேயே நின்றுவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியில் யாரோ பெயின்ட் பூசி, அதற்குப் பின்னால் அவர் போவது போல. நாய்ஸ் திரையின் இடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, ஆளோடு கட்டப்படவில்லை, ஆகவே இது எதிர்பார்க்க வேண்டியதுதான். கேமராவும் பொருளும் அசையாத ஷாட்டுக்கு நிலையான சீட்டே போதும், நகர்வு வந்தால் தடத்தையும் கூடவே நகர்த்த வேண்டும். ஆப்டிகல் ஃப்ளோ இங்கேதான் வருகிறது.

யோசனை எளிது: முந்தைய ஓவிய ஃப்ரேமை இந்த ஃப்ரேமின் நகர்வுக்கு ஏற்ப இழுத்து, அதன் மேலே லேசாக மறுபடி வரைவது. ஃப்ளோவைக் கணக்கிட வேண்டியது அசல் ஃப்ரேம்களில், ஓவிய ஃப்ரேம்களில் அல்ல. திசையும் முக்கியம். `cv2.remap` ஒவ்வொரு புது பிக்சலுக்கும் "நீ பழைய படத்தில் எங்கே இருந்தாய்" என்றுதான் கேட்கிறது, ஆகவே இன்றைய ஃப்ரேமிலிருந்து முந்தையதற்குப் போகும் ஃப்ளோ வேண்டும்.

```python
gx, gy = np.meshgrid(np.arange(w), np.arange(h))
mx = (gx + flow[..., 0]).astype(np.float32)
my = (gy + flow[..., 1]).astype(np.float32)
warped = cv2.remap(prev_out, mx, my, cv2.INTER_LINEAR)
```

திசை தலைகீழானால் உடனே தெரியாது, ஆளைச் சுற்றி இரட்டை விளிம்பு வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சரி, சைக்கிள் நகர்ந்ததும் அதற்குப் பின்னால் புதிதாகத் தெரியும் சுவர்த்துண்டு? அது முந்தைய ஃப்ரேமில் இல்லவே இல்லை. இழுத்தால் சட்டையின் நிறம் சுவரில் வால் போல நீள்கிறது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு திசையிலும் ஃப்ளோ எடுத்து, ஒவ்வொரு பிக்சலும் முந்தைய ஃப்ரேமுக்குப் போய் மறுபடி முன்னால் வந்தால் கிளம்பின இடத்துக்கே திரும்புகிறதா என்று பார்க்கலாம். ஒரு பிக்சலுக்கு மேல் விலகினால் அதை ஓட்டை என்று மாஸ்க்கில் குறித்தேன். மாஸ்க்கைச் சில பிக்சல் தடிமனாக்கி ஓரத்தை மங்கலாக்குவது நல்லது, இல்லையென்றால் கத்தரித்து ஒட்டியது போலத் தெரியும்.

ஓட்டையை அசல் ஃப்ரேமால் நிரப்பலாம் என்று பலரும் சொல்வார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. `strength` என்பது மாடல் படத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற அளவு, பிறகு ஓடும் குறைந்த `strength` அந்த இடத்தை முழுதாக ஓவியமாக்காது, சைக்கிளுக்குப் பின்னால் போட்டோத் துண்டு ஒட்டிக்கொண்டே வரும். அதனால் 0.6-ல், அதே சீட்டில், தனியாக வரைந்து வைத்திருந்த ஃப்ரேமை ஓட்டைக்குள் வைத்தேன், மற்ற இடங்களில் இழுத்த படம். சேர்ந்ததை 0.3-ல் மறுபடி ஓட்டினேன். இருபது ஸ்டெப் கொடுத்தால் 0.3-க்கு உண்மையில் ஓடுவது ஆறுதான், ஓரங்களைத் தைக்க அது போதும்.

இப்போது அடுக்குப் படத்தில் பட்டைக்குள் கோடுகளும் சாய்ந்தன. ஆனால் வீடியோவில் ஒரு விநோதம்: சுவரில் விழும் சைக்கிள்காரரின் நிழல் அவரோடு போகாமல் பின்தங்கி, கறையாகத் தேங்கியது. இங்கே முன்-பின் சோதனை எதையும் பிடிக்கவில்லை, ஏனென்றால் ஃப்ளோவைப் பொறுத்தவரை அங்கே சுவர் அசையவில்லை, மாறியது வெளிச்சம் மட்டும். இரு திசையும் "நகர்வு பூஜ்யம்" என்று ஒத்துப்போகின்றன, மாஸ்க் சுத்தமாக வருகிறது, நிழல் கெட்டுப்போகிறது.

இதற்கு வேறு சோதனை வேண்டும். முந்தைய அசல் ஃப்ரேமை அதே ஃப்ளோவால் இழுத்து, இன்றைய அசலோடு கழித்துப் பார்த்தேன். வித்தியாசம் 255-க்கு 12-ஐத் தாண்டும் இடத்தையெல்லாம் ஓட்டையாகச் சேர்த்தேன். இந்த 12 என் கிளிப்புக்கு உரியது, கழிப்பதற்கு முன் இரண்டையும் லேசாக பிளர் செய்யாவிட்டால் கேமராவின் மணல்நாய்ஸும் மாட்டும். வெயில், புகை, மின்னும் தண்ணீர் உள்ள எந்த ஷாட்டுக்கும் இந்தச் சோதனை இல்லாமல் நான் இனி தொடங்க மாட்டேன்.

இன்னொரு தொல்லை மெதுவாக வருகிறது. ஒரு ஃப்ரேமின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடு ஆவதால், படம் மாடலுக்குள் ஒவ்வொரு முறையும் சுருக்கி விரிக்கப்படுகிறது, கான்ட்ராஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அடுத்தடுத்த ஃப்ரேமில் தெரியாது, முதலாவதையும் 60-வதையும் பக்கத்தில் வைத்தால் சுவர் பிளாஸ்டிக்காகி இருப்பது தெரியும். இழுத்த படத்தோடு கால்பங்கு புதிதாக வரைந்த ஃப்ரேமையும் எல்லா இடத்திலும் கலந்தேன், வெளிச்சத்தையும் நிறத்தையும் தனியாகப் பிரிக்கும் LAB-ல் சராசரியையும் பரவலையும் முதல் ஃப்ரேமோடு பொருத்தினேன். கால்பங்குக்கு மேல் போனால் ஜன்னல் கண்ணாடி விளைவு திரும்ப எட்டிப் பார்க்கிறது, ஆகவே அது ஒரு பேரம்தான்.

சக்கரத்தின் கம்பிகள் மட்டும் மசியவில்லை. 12 fps-ல் ஒரு ஃப்ரேமுக்குள் ஒரு கம்பி அடுத்த கம்பியின் இடத்தைத் தாண்டிவிடுகிறது, எது எங்கே போனது என்று ராஃப்ட்டுக்குச் சொல்ல வழியில்லை. இரண்டு சக்கரங்களையும் கையால் மாஸ்க் போட்டு ஃப்ளோவை அங்கே அணைத்துவிட்டேன். அந்த இடம் ஒவ்வொரு ஃப்ரேமும் புதிதாக வரையப்படுகிறது, துடிக்கத்தான் செய்கிறது, சுழலும் சக்கரம் என்பதால் யாரும் கேட்கவில்லை.