புளியங்கொட்டை ஆட்டம் போனுக்கு வந்த கதை

ஆட்டம் என் அண்ணன் மகள் கண்டுபிடித்தது. கோடை விடுமுறையில் அத்தை பிள்ளைகளும் வந்திருந்தபோது, கணக்கு நோட்டில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டாள். நடுவில் ஒரு புளியங்கொட்டை. முறை வந்தவர் அதைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தவேண்டும், குறுக்கே போகக்கூடாது. விட்டு வந்த கட்டத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. நகர்த்த இடமில்லாமல் மாட்டிக்கொண்டவருக்குத் தலையில் ஒரு குட்டு. நாலு பேரும் விடாமல் ஆடினார்கள்.

போனுக்காக இதை கோடோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்யத் தொடங்கினேன். கட்டம், தொட்டால் நகர்வது, குறி விழுவது எல்லாம் சுலபமாக முடிந்தது. குட்டுக்குப் பதில் போன் அதிரும். இருவர் ஆடும்படி மாற்றியதில்தான் வினை வந்தது. முதலில் ஆடுபவர் சூட்சுமம் தெரிந்தவர் என்றால் தோற்கவே மாட்டார்.

முப்பத்தாறு கட்டங்களையும் பக்கத்துப் பக்கமாகப் பதினெட்டு ஜோடிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கொட்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதன் ஜோடிக்கு நகர்த்துங்கள். எதிராளி எங்கே போனாலும் புது ஜோடி ஒன்றுக்குள்தான் நுழைய முடியும், அதன் மறுபாதி உங்களுக்குக் காலியாக இருக்கும். கடைசியில் மாட்டுவது அவர்தான். நாலு பேர் சுற்றி ஆடும்போது இது பலிக்காது. உங்கள் முறை திரும்புவதற்குள் மற்றவர்கள் மூன்று தடவை நகர்த்திவிடுகிறார்களே!

நோட்டில் ஜோடிகளை வட்டமிட்டு அவளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "அப்போ நடுவுல கல்லு வைங்க சித்தப்பா" என்றாள். அவள் சொன்னது சரியாகவே வேலை செய்தது. சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்களை இரண்டு நிறமாக நினைத்தால், ஒவ்வொரு ஜோடியிலும் நிறத்துக்கு ஒரு கட்டம் வரும். கொட்டை நுழைய முடியாதபடி இரண்டு கட்டங்களைக் கல்லால் அடைத்து, இரண்டு கற்களையும் ஒரே நிறத்தில் வைத்தால் அந்த நிறத்தில் மிச்சம் பதினாறு, மற்றதில் பதினெட்டு. முழுதாக ஜோடி சேராது. அப்போது யாருக்குச் சாதகம் என்பது கொட்டை தொடங்கும் கட்டத்தைப் பொறுத்தது. குறைந்த நிறம் என்றால் முதலில் ஆடுபவர் கை ஓங்கும். அதிக நிறத்தில் சில இடங்களில் இரண்டாமவர் ஜெயிக்கலாம்.

இப்போதைய விதி: ஒருவர் கற்களையும் கொட்டையையும் வைப்பார், முதலில் ஆடுவதா இரண்டாவதா என்பதை மற்றவர் சொல்வார். அல்வாவை ஒருவர் வெட்ட, இன்னொருவர் முதல் துண்டை எடுப்பது போலத்தான்.

கம்ப்யூட்டரை எதிராளியாக்கியதும் வேறு தலைவலி. இவ்வளவு சின்னப் பலகையில் யார் ஜெயிப்பார் என்று அது ஜோடி சேர்த்துப் பார்த்தே நொடியில் கண்டுபிடித்துவிடுகிறது, ஆடுகிற பிள்ளைக்குச் சலித்துப்போகிறது. அதனால் எளிய நிலையில் அந்தக் கணக்கை எடுத்துவிட்டேன், இரண்டு நகர்வு மட்டும் முன்னால் பார்க்கும்.

மூன்று பேர் ஒரே போனைக் கைமாற்றி ஆடும் முறை இன்னும் பாக்கி. யார் முறை என்று காட்ட ஓரத்தில் வண்ணப் பட்டை வைத்திருக்கிறேன், அது போதவில்லை என்கிறாள்.