சாத்துக்குடியும் சொட்டுக் கணக்கும்

மகளின் அறிவியல் பாடத்துக்காக ஒரு தேக்கரண்டி சாத்துக்குடிச் சாற்றில் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் கலந்தோம். காயத்துக்குப் போடும் 5% போவிடோன் அயோடினைச் சம அளவு நீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டோம். வைட்டமின் சி தீரும்வரை அயோடின் நிறமிழந்துகொண்டே இருக்கும். தீர்ந்த பிறகுதான் கஞ்சி நீலமாகும்.

முதல்முறை கஞ்சியைச் சூடாகவே ஊற்றிவிட்டேன், நீலம் நிற்கவே இல்லை! ஆறவைத்துச் செய்தபோது, புதுச் சாறு 24 சொட்டு வாங்கியது. அதே சாறு, பாதி நிரம்பிய பாட்டிலில் மூன்று நாள் குளிர்ப்பெட்டியில் இருந்தபின் 17தான். பாட்டிலில் இருந்த காற்றின் வேலை.

கடையில் வாங்கிய பழச்சாறோ 31! மகள் துள்ளினாள். லேபிளைப் பார்த்தால், கெடாமலிருக்கச் சல்பைட் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் அயோடினைக் குடிக்கும்.