முறுக்கு ஏன் வரவில்லை?

சமையல் யோசனை சொல்லும் ஒரு செயலியில் வேலை பார்க்கிறேன். பயனர் தன்னைப் பற்றிச் சொல்வதை அது சின்னச் சின்ன நினைவுக் குறிப்புகளாகச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதற்கேற்பப் பதில் சொல்லும். ஒவ்வொரு பதிலின் கீழும் 'பயன்படுத்திய நினைவுகள்' என்று ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியைக் கட்டியது நான்தான். ஒரு புகார் வரும்வரை அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

புகார் எழுதியவர் ஒரு அம்மா. "பிள்ளை பிறந்தநாளுக்குச் சாயங்காலப் பலகாரம் கேட்டால் மினி இட்லி, கிச்சடி, கேசரி என்கிறது. போன மாதமும் இதே கதைதான். ஒரு முறுக்கு, ஒரு சுண்டல் சொல்ல மாட்டேன் என்கிறதே, ஏன்?" பெட்டியில் போய்ப் பார்த்தேன். 'சைவம்', 'இரண்டு குழந்தைகள்' என்ற இரண்டு குறிப்புகள்தான் இருந்தன. இரண்டுக்கும் முறுக்குக்கும் என்ன பகை?

செயலியின் பதிவேடான லாகைத் திறந்ததும் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கேள்வியோடு, பதிலை எழுதும் மொழி மாடலுக்குப் போனவை ஆறு குறிப்புகள். மூன்றாவது குறிப்பு இது: 'பல்லில் வேர் சிகிச்சை நடக்கிறது, கடினமானதைக் கடிக்க முடியாது.' சேமித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பல் எப்போதோ சரியாகியிருக்கும், குறிப்பு மட்டும் அப்படியே கிடந்தது.

அது ஏன் பெட்டியில் வரவில்லை? பதிலின் முடிவில், எந்தக் குறிப்புகளைப் பயன்படுத்தினாய் என்று மாடலையே எழுதச் சொல்லியிருந்தோம். அது எழுதியது முதல் குறிப்பையும் நான்காவதையும் மட்டும்தான்:

```
used: m1, m4
```

இதை மாடலின் பொய் என்று சொல்ல முடியாது. 'சைவம்' என்பதை ஒட்டி ஒரு வாக்கியமும், 'குழந்தைகள்' என்பதை ஒட்டி ஒரு வாக்கியமும் பதிலில் இருந்தன. பல் குறிப்பிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. அது செய்த வேலை, சில பலகாரங்களை வரவிடாமல் நிறுத்தியது. வராமல் போனதற்குப் பதிலில் தடயம் ஏது? தவிர, தன் பதிலுக்கு மாடல் சொல்லும் காரணத்தை அப்படியே நம்பக் கூடாது என்பது அப்போதே தெரிந்த சங்கதிதான். 2023இல் வெளிவந்த ஒரு ஆய்வில், மாதிரிக் கேள்விகள் அனைத்திலும் சரியான விடை முதல் தேர்வாகவே வரும்படி அடுக்கிக் கொடுத்தார்கள். அடுத்து வந்த கேள்வியிலும் மாடல்கள் முதல் தேர்வின் பக்கமே சாய்ந்தன, ஆனால் எழுதிய விளக்கத்தில் அந்த அடுக்கைப் பற்றி மூச்சே விடவில்லை. நானும் அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டும் இந்தப் பெட்டியைக் கட்டினேன்.

சரி, மாடலைக் கேட்பதை விட்டுவிட்டு நாமே சோதிப்போம் என்று உட்கார்ந்தோம். ஒவ்வொரு குறிப்பாக எடுத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதுதான் நேரான வழி. ஒரே கேள்விக்கே பதில் கொஞ்சம் மாறி மாறி வரும் என்பதால், ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டினோம். பல் குறிப்பை எடுத்ததும் ஐந்தில் நான்கு முறை முறுக்கோ சுண்டலோ வந்துவிட்டது. குற்றவாளி அகப்பட்டாயிற்று.

அடுத்ததுதான் வேடிக்கை. 'சைவம்' குறிப்பை எடுத்தபோது எதுவுமே மாறவில்லை. அந்தக் கணக்கின்படி சைவம் என்ற குறிப்புக்கு இந்தப் பதிலில் வேலையே இல்லை. குழுவில் இருந்த தம்பி ஒருவர்தான் பட்டியலை மறுபடி படித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஐந்தாவது குறிப்பு, 'வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை.' ஒன்றை எடுத்தால் மற்றது தாங்கிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்ததும் முட்டை பஃப்ஸ் வந்து நின்றது. அதனால் ஒரே பொருள் தரும் குறிப்புகளை முதலில் ஒரு கட்டாகக் கட்டி, கட்டோடு எடுத்துப் பார்ப்பது என்று மாற்றினோம்.

ஆனால் ஆறு குறிப்பை ஐந்தைந்து முறை ஓட்டினால், ஒரு பதிலுக்கு முப்பது பதில் எழுதவைக்கிறோம் என்று அர்த்தம். கட்டுப்படியாகாது. அதற்குப் பதில், ஏற்கெனவே வந்த பதிலை அப்படியே வைத்துக்கொண்டு, 'இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இதே சொற்களை எழுதும் வாய்ப்பு எவ்வளவு?' என்று மாடலில் கணக்கெடுத்தோம். புதிதாக எதையும் எழுதவைக்காமல் இருப்பதைப் படிக்க மட்டும் வைப்பதால் செலவு வெகுவாகக் குறைந்தது. வராமல் போனதையும் இது பிடித்துவிடும். பல் குறிப்பு இல்லையென்றால் பலகாரப் பட்டியல் மினி இட்லியில் தொடங்கும் வாய்ப்பு குறைகிறது, அது எண்ணில் தெரிகிறது.

இதிலும் முதலில் சறுக்கினோம். பதில் முழுவதற்கும் சராசரி எடுத்தபோது பல் குறிப்பு கீழே எங்கோ கிடந்தது. காரணம் எளிது. 'மினி இட்லி, கிச்சடி' என்று இரண்டு மென்மையான பலகாரம் வந்துவிட்டால், மூன்றாவதாகக் கேசரி வருவதற்கு எந்தக் குறிப்பும் தேவையில்லை, முன்னால் இருக்கும் இரண்டே போதும். குறிப்பின் கைவரிசை முதல் ஒன்றிரண்டு சொற்களிலேயே முடிந்துவிடுகிறது. நீளமான செய்முறையோடு சேர்த்துச் சராசரி போட்டால் அது கரைந்துபோகும். சராசரியை விட்டுவிட்டு, வாய்ப்பு எந்தச் சொல்லில் அதிகமாகச் சரிகிறது என்று பார்த்த பிறகுதான் பல் குறிப்பு மேலே வந்தது.

பெட்டியின் தலைப்பில்தான் வடிவமைப்பாளரோடு நிறைய நேரம் மல்லுக்கட்டினேன். 'பயன்படுத்தியவை' என்ற சொல்லே தப்பு என்பது என் கட்சி. கடைசியில் இரண்டு பகுதியாகப் பிரித்தோம். 'பதில் எழுதும்முன் பார்த்தவை' என்பதில் ஆறும் வரும். அது லாகில் உள்ளது, சந்தேகமில்லை. 'பதிலை மாற்றியவை' என்பது பயனர் தட்டிக் கேட்டால் மட்டும் கணக்கெடுத்து வரும். கணக்கு எந்தப் பக்கமும் சாயாவிட்டால் 'தெளிவாகத் தெரியவில்லை' என்று வரும். அந்த வரி மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, நாங்கள் எடுக்கவுமில்லை. ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் சேமித்த தேதியைப் போட்டோம். எல்லா வேலையிலும் சுலபமானது அதுதான், அந்த அம்மாவுக்குச் சட்டென்று விளங்கியதும் அதுதான். தேதியைப் பார்த்தார், பல் குறிப்பை அழித்தார்.

அடுத்த வாரம் அவரிடமிருந்தே இன்னொரு புகார். "அழித்துவிட்டேன். இன்னும் இட்லிதான்."

இந்த முறை 'பதிலை மாற்றியவை' ஒழுங்காகவே வேலை செய்திருந்தது. அது காட்டிய குறிப்பு: 'மென்மையான சிற்றுண்டிகள் பிடிக்கும்.' அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஐந்து மாதமாக நாங்கள் இட்லியும் கிச்சடியுமாகச் சொல்ல, அவரும் சமைத்துவிட்டு 'நன்றாக வந்தது' என்று எழுத, அதை வைத்து எங்கள் செயலியே புதிதாக ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டது. பல் குறிப்பின் பிள்ளை அது. தாயை அழித்தாலும் பிள்ளை இருந்தது, யார் பிள்ளை என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

இப்போது புதிய குறிப்பு உருவாகும்போது, அது எந்தப் பதிலிலிருந்து வந்தது, அந்தப் பதிலுக்கு முன் எவற்றைப் பார்த்திருந்தது என்பதும் கூடவே பதிவாகிறது. ஒன்றை அழித்தால், 'இதிலிருந்து வந்த குறிப்புகள் இவை, இவற்றையும் அழிக்கலாமா?' என்று கேட்கும். பழைய குறிப்புகளுக்கு அந்த வம்சாவளி கிடையாது. அவற்றின் பக்கத்தில் 'எங்கிருந்து வந்தது தெரியாது' என்று போட்டு வைத்திருக்கிறோம்.