பர்கண்டியா மஹாகனியா: அக்காவின் தலைச்சாயத்தை முதலில் போட்டோவில் போட்டுப் பார்த்தோம்

ஷேட் கார்டில் வரிசையாக ஒட்டியிருக்கும் முடிக் குஞ்சங்களைப் பார்த்துத்தான் நம்மில் பலர் ஹேர் கலரைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தக் குஞ்சங்கள் பெரும்பாலும் நைலான் இழைகள். வெள்ளை இழையில் அந்த நிறம் எப்படி ஏறுமோ அப்படித்தான் கார்டில் தெரியும். நம் ஊர்க் கருப்பு முடியில் அதே நிறம் அப்படி வரவே வராது, நரைத்த முடியில் மட்டும் கிட்டத்தட்ட வரும். அதனால் கார்டில் உள்ள நிறத்தை அப்படியே எடுத்துப் போட்டோவில் பூசிப் பார்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, யாருடைய தலையில் அது உட்காரப் போகிறது என்பதைக் கணக்கில் எடுப்பது.

என் பெரியம்மா மகளுக்கு 47 வயது. மகள் கல்யாணத்துக்கு பர்கண்டி போட வேண்டும் என்று முடிவே செய்துவிட்டாள். போனில் இருக்கும் ஹேர் கலர் ஃபில்டரில் பார்த்தபோது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த ஃபில்டர் கருப்பு, நரை, பழைய டை எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கி, கூடவே முகத்தையும் வெளுப்பாக்கிக் காட்டுகிறது. அதை நம்பிப் போய் பார்லர் நாற்காலியில் உட்கார்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் படம் திருத்தும் மென்பொருளான GIMP-இல் நானே செய்து தருகிறேன், ரெண்டு நாள் பொறு என்று சொன்னேன்.

முதல் வேலை போட்டோ. இதில் சோம்பல்பட்டால் பின்னால் எதுவுமே சரிவராது. நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம் அக்காவை உட்காரவைத்து, ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, போனின் பின்பக்கக் கேமராவில் அழகூட்டும் வசதிகளை எல்லாம் நிறுத்திவிட்டு எடுத்தேன். பார்லரிலிருந்து கேட்டு வாங்கிவந்த ஷேட் கார்டை அவளே காதோரமாகப் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். முகம், முடி, குஞ்சம், தாள் நான்கும் ஒரே படத்தில், ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கார்டைத் தனியாக வேறு அறையில் படம் எடுத்தால் அந்த நிறத்தையும் இந்த முகத்தையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. படத்தைத் திறந்ததும் Levels-இல் இருக்கும் சாம்பல் புள்ளிக் குழாயால் தாளின் லேசாக நிழல் விழுந்த பகுதியைத் தொட்டால் படத்தில் ஏறியிருக்கும் மஞ்சளோ நீலமோ விலகிவிடும்.

அடுத்து குஞ்சத்திலிருந்து நிறம் எடுப்பது. குஞ்சத்தில் பளபளப்பான கோடு ஒன்று இருக்கும், அதில் வெளிச்சம்தான் இருக்கிறது, சாயம் இல்லை. மடிப்பின் உள்ளே இருண்ட பகுதி இருக்கும், அங்கே எல்லா ஷேடும் கருப்பாகத்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவில், பளபளப்புக்கு ஒட்டினாற்போல உள்ள பட்டையிலிருந்து எடுக்க வேண்டும். Color Picker-இல் Sample average-ஐப் போட்டு ஆரத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் ஒற்றை இழையின் நிறத்துக்குப் பதில் சராசரி கிடைக்கும். பர்கண்டி எனக்கு `#5A1F2B` என்று வந்தது. அதே கருவியின் தகவல் பெட்டியை CIE LCh-க்கு மாற்றினால் வெளிச்சம், செறிவு, நிறக்கோணம் என்று மூன்று எண்கள் தெரியும். இங்கே நிறக்கோணம் சுமார் 13. கோணம் குறையக் குறைய ரோஜா, ஊதா பக்கம் போகிறது, கூடக்கூட ஆரஞ்சு, மஞ்சள் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் தோல். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் முறை மாநிறத் தோலில் அவ்வளவாக நம்பத் தகுந்தது இல்லை, பார்க்கிறவர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். அதனால் தோலையும் அதே Color Picker-ஆல் அளந்தேன். கன்னத்தில் எடுக்கக்கூடாது, அங்கே சிவப்பு இருக்கும். நெற்றியில் வெயில் கருமை. தாடைக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில்தான் தோலின் உண்மையான அடிச்சாயல், அதாவது அண்டர்டோன், தெரியும். அக்கா தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவள் என்பதால் முந்தின நாளிலிருந்தே பூசாதே என்று சொல்லியிருந்தேன், இல்லையென்றால் எண் முழுக்க மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும். கழுத்தில் கிடைத்தது `#A87A58`, நிறக்கோணம் 62. கல்லூரி போகும் அவள் மகளின் கழுத்தை அதே வெளிச்சத்தில் அளந்தபோது கோணம் தெளிவாகக் குறைவாக வந்தது, அவளுக்கு ரோஜாச் சாயல். அக்காவுக்கு மஞ்சளும் லேசான பச்சையும் கலந்த வெதுவெதுப்பான அண்டர்டோன். எண்ணை இப்படி ஒரு ஆளோடு இன்னொரு ஆளை ஒப்பிடத்தான் பயன்படுத்த வேண்டும். வேறு போன், வேறு வெளிச்சம் என்றால் எண்ணும் வேறாகிவிடும்.

இனி பூசுவது. இங்கேதான் பெரும்பாலான முன்னோட்டங்கள் விக் மாட்டியது போல ஆகின்றன, ஏனென்றால் முடி முழுவதையும் ஒரே பொருளாக நினைத்துப் பூசுகிறார்கள். அக்காவின் தலையில் மூன்று விதமான முடி இருந்தது. முன்பக்கமும் காதோரமும் நரை. வகிடை ஒட்டி இரண்டு அங்குலத்துக்குப் புதிதாக வளர்ந்த இயற்கைக் கருப்பு. அதற்குக் கீழே இடுப்பு வரை, வருஷக்கணக்காகக் கருப்பு டை போட்ட பழைய முடி. ஒவ்வொன்றையும் மென்மையான பிரஷ்ஷால் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து மூன்று லேயராக வைத்துக்கொண்டேன்.

நரைக்கு லேயர் மோடை Multiply-இல் வைத்து குஞ்சத்தின் நிறத்தைப் பூசினால் போதும். சாயம் முடிக்குள் இருக்கும் நிறத்தின் மேல் இன்னொரு நிறமாகத்தான் சேர்கிறது, அதை அழித்துவிட்டு உட்கார்வதில்லை. Multiply-யும் அதைத்தான் செய்கிறது. வெள்ளையில் சாயத்தின் நிறம் அப்படியே வரும், கருப்பில் ஒன்றுமே மாறாது.

இயற்கைக் கருப்பில் ஏதாவது தெரிய வேண்டுமானால் சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு டெவலப்பர் முதலில் அந்தக் கருப்பைக் கொஞ்சம் இளக்க வேண்டும். 6 சதவீத டெவலப்பர் ஒன்றிரண்டு படி இளக்கும், அப்படி இளகும்போது கருமுடியின் அடியிலிருந்து வெளிவருவது அடர் சிவப்பு. ஆகவே அந்தப் பகுதியில் Curves-ஐத் திறந்து நடுத்தர நிழல்களை லேசாக மட்டும் உயர்த்தி, சிவப்பு சேனலை அதைவிட இன்னும் கொஞ்சம் உயர்த்தி, அதன் மேல்தான் Multiply போட்டேன். பளபளப்புக் கோடுகளை லேயர் மாஸ்க்கில் மறைத்துவிட்டேன், சாயம் போட்டாலும் முடியின் மேல் விழும் வெளிச்சம் வெள்ளையாகத்தான் மின்னும். இந்தச் சின்ன வேலை செய்ததும் படம் சட்டென்று நிஜமானது.

பழைய டை முடிக்கு நான் எதுவும் செய்யவில்லை. ஏற்கெனவே சாயம் போட்ட கருப்பை இன்னொரு சாயம் இளக்காது. அதற்கு பிளீச்சோ பழைய சாயத்தை உரித்தெடுக்கும் ரிமூவரோ வேண்டும். முன்னோட்டத்தில் முன்பக்கம் செக்கச் செவேலென்றும், வேர்ப் பக்கம் கருஞ்சிவப்பாகவும், அதற்குக் கீழே கன்னங்கரேலென்றும் தெரிந்தபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. “பின்னல் போட்டா கீழே எல்லாம் கருப்பாத்தானே இருக்கும்?” என்று கேட்டாள். ஆமாம் அக்கா என்றேன். பிளீச் வேண்டவே வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டாள், அந்த முடிவில் எனக்கும் முழுச் சம்மதம்.

அடுத்து அண்டர்டோன் பிரச்சினை. முன்பக்க நரையில் ஏறிய அந்தக் குளிர்ச்சியான பர்கண்டி, பக்கத்திலிருந்த முகத்தைப் பச்சைபடிந்து களைத்தாற்போலக் காட்டியது. தோல் மாறவில்லை, பக்கத்தில் ரோஜாச் சிவப்பு இருந்தால் கண் அதற்கு எதிரான பச்சையைத் தோலில் கூடுதலாகப் பார்க்கிறது. மஞ்சள், பச்சைச் சாயல் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். Colors மெனுவில் இருக்கும் Hue-Chroma-வால் சாய லேயரின் கோணத்தை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போனேன். 30-ஐத் தாண்டியபோது முகம் தெளிந்தது, 45 வாக்கில் செம்புபோல ஆகி நரை எங்கே இருக்கிறது என்பதையே எடுத்துக்காட்டியது.

ஆனால் ஸ்லைடர் காட்டும் நிறம் கடையில் கிடைக்காது. அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்லும், அதற்குப் பிறகு கார்டுக்கே திரும்பி வர வேண்டும். கார்டில் 4.5 என்பதுபோல எண்கள் இருக்கும், புள்ளிக்கு முன்னால் இருப்பது கருமையின் அளவு, பின்னால் இருப்பது சாயல். பல ஐரோப்பிய முறைக் கார்டுகளில் 4 செம்பு, 5 மஹாகனி, 6 சிவப்பு. பிராண்டுக்குப் பிராண்டு இது மாறும் என்பதால் எண்ணை நம்பாமல் ஒவ்வொரு குஞ்சத்தையும் அளந்தேன். மஹாகனிக் குஞ்சம் 32 காட்டியது. ஸ்லைடரை அழித்துவிட்டு அந்தக் குஞ்சத்தின் நிறத்தையே புதிதாக எடுத்துப் பூசினேன்.

பார்லர் அக்காவிடம் இரண்டு படங்களையும் காட்டினோம். காதுக்குப் பின்னால் ஒட்டுச் சோதனைக்கு 48 மணி நேரம் விட்டு, ஒவ்வாமை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, உள்பக்கமாக ஒரு சிறு நரைக் கற்றையில் மட்டும் மஹாகனியைப் போட்டுப் பார்த்தார்கள். என் படத்தில் இருந்ததைவிட அது பிரகாசமான சிவப்பாக வந்தது. “வெறும் நரையில சிவப்பு ஷேடு தனியா போட்டா இப்படித்தான் கண்ணைப் பறிக்கும், பாதி நேச்சுரல் கலக்கணும்” என்றார் அவர். அதே கருமையில் சாயல் இல்லாத 4-ஆம் எண் ட்யூப்பைச் சரிபாதி சேர்க்கச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அந்தக் குஞ்சத்தின் நிறத்தையும் எடுத்து, மஹாகனிக்கு மேல் 50 சதவீத ஒளிபுகு அளவில் வைத்துப் பார்த்தேன். செறிவு நன்றாகக் குறைந்து, காப்பிக்கொட்டை நிறத்தில் லேசான சிவப்போடு இருந்தது. நரைக்கும் கருப்புக்கும் நடுவே இருந்த வெட்டும் மங்கியது, கீழே உள்ள பழைய கருப்போடு சேரும் இடமும் அவ்வளவாகத் துருத்தவில்லை. அக்கா அதையே எடுத்துக்கொண்டாள்.

மண்டபத்தின் உள்ளே அது அடர் பழுப்பு மாதிரிதான் தெரிந்தது. வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு நின்றபோது, வெயில் பட்ட முன்பக்கத்தில் மட்டும் மஹாகனி நன்றாகத் தெரிந்தது. இதற்காகவே வெயிலில் ஒரு படம் எடுத்து அதிலும் முன்னோட்டம் செய்து காட்டியிருந்தேன். ஜன்னல் வெளிச்சப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால், வெளியே வந்ததும் வேறு நிறமாக இருக்கிறதே என்று தோன்றும்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். சிவப்புச் சாயல்கள்தான் மற்றதைவிடச் சீக்கிரம் அலசலில் போகும், அதுவும் நரையிலிருந்து முதலில். சாய லேயரின் அடர்த்தியைக் குறைத்து, கோணத்தை ஆரஞ்சு பக்கம் கொஞ்சம் தள்ளி, வேரில் வெள்ளைக் கோடு விட்டு, சில வாரம் கழித்து எப்படி இருக்கும் என்று ஒரு படம் கொடுத்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் டச்-அப் தேதியையும் அன்றைக்கே பார்லரில் குறித்துக்கொண்டு வந்தாள்.