காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சு மரண அறிவிப்பைத் தமிழாக்கிய அனுபவம்

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அதை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் கிளைகள் இன்றும் பாரிசின் புறநகர்களில் இருக்கின்றன. அங்கே ஒருவர் இறந்தால், உள்ளூர் நாளிதழில் வெளியாகும் அறிவிப்பை யாரேனும் கைபேசியில் படமெடுத்து இங்கே அனுப்பிவிடுகிறார்கள். 2024 பொங்கலையொட்டி அப்படி வந்த ஒரு படத்தைத் தமிழாக்கித் தருமாறு, இறந்த அம்மையாரின் தம்பி என்னிடம் கேட்டார். பங்குக் கோயில் பலகையில் ஒட்டவும், சொந்தக்காரர்களுக்கு அச்சிட்டுக் கொடுக்கவும் அவருக்கு அது தேவைப்பட்டது.

முதல் வேலை படத்தைப் படிப்பது. தாளின் மடிப்பு அடக்க நாளின் மேலேயே விழுந்திருந்ததால், அது 11ஆ 17ஆ என்று கண்ணால் முடிவுசெய்ய இயலவில்லை. ஆனால் தேதிக்கு முன்னால் புதன்கிழமை என்பது தெளிவாக இருந்தது. 2024 ஜனவரி 11 வியாழக்கிழமை, 17தான் புதன். இத்தகைய அறிவிப்புகளில் தேதியோடு கிழமையும் பெரும்பாலும் அச்சாகும் என்பதால், எண் மங்கலாக இருக்கும்போது நாட்காட்டியே போதிய சான்றாகிவிடுகிறது. நேரம் 14 மணி 30 நிமிடம் என்றிருந்தது. குளிர்காலத்தில் பிரான்சு நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகவே நம் கணக்கில் இரவு 7 மணி. கோடைக்காலமாக இருந்திருந்தால் இடைவெளி மூன்றரை மணிதான். இங்கேயும் அதே வேளையில் செபமாலை சொல்லக் குடும்பத்தார் விரும்பியதால் இரண்டு நேரங்களையும் எழுதினேன்.

வயது குறித்த தொடரிலும் நின்று கணக்கிட வேண்டியிருந்தது. 'தம் 79ஆவது ஆண்டில்' என்பது பிரெஞ்சு வழக்கு. 79ஆவது ஆண்டு நடந்துகொண்டிருக்கிறது என்றால், நிறைவடைந்த வயது 78. அம்மையார் 1945 ஜூனில் பிறந்தவர் என்று தம்பி சொன்னதும் கணக்கு ஒத்துப்போயிற்று. 'அகவை 78' என்று எழுதினேன்.

உண்மையான வேலை உறவுமுறையில்தான் இருந்தது. பிரெஞ்சு அறிவிப்பு பெரும்பாலும் குடும்பத்தாரின் பட்டியலோடுதான் தொடங்கும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சகோதரர், 'பெல்-சேர்'கள், 'போ-ஃப்ரேர்', 'நெவே'க்கள், 'நியேஸ்'கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அதன்பிறகே இன்னாரின் மறைவை ஆழ்ந்த துயரத்தோடு அறிவிக்கிறோம் என்று வரும். இவற்றுள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தவிர வேறு எந்தச் சொல்லையும் அகராதியைப் பார்த்து நேராக மாற்ற முடியாது. சகோதரர் என்ற சொல் அண்ணனா தம்பியா என்று சொல்வதில்லை. 'பெல்-சேர்' என்பது கணவரின் சகோதரியாகவும் இருக்கலாம், உடன்பிறந்தவரின் மனைவியாகவும் இருக்கலாம், அன்றாடப் பேச்சில் கணவருடைய சகோதரரின் மனைவியாகவும் இருக்கலாம். ஆகவே மொழிபெயர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, தம்பியின் பக்கத்தில் அமர்ந்து ஒரு தாளில் இறந்தவரை நடுவே எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் 'இவர் அக்காவுக்கு எந்த வழியில்?' என்று கேட்டுக் கோடு இழுத்தேன்.

படத்தில் ஒரே சொல்லின் கீழ் நின்ற மூன்று பெண்மணிகள் அந்தத் தாளில் மூன்று இடங்களில் விழுந்தார்கள். முதலாமவர் கணவரின் தங்கை, ஆகவே நாத்தனார். இரண்டாமவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவரின் மனைவி, ஆகவே தம்பி மனைவி. மூன்றாமவர் கணவருடைய தம்பியின் மனைவி, ஆகவே ஓர்ப்படி. அந்தக் கணவரின் தம்பிதான் பட்டியலிலிருந்த ஒரே 'போ-ஃப்ரேர்'. அவரைக் கொழுந்தனார் என்று எழுதினேன்.

உடன்பிறந்தோர், மைத்துனர் வழிப் பிள்ளைகளைக் குறிக்கும் 'நெவே', 'நியேஸ்' என்ற வரியில் இன்னும் கவனம் வேண்டியிருந்தது. தம்பியின் மகன் அம்மையாருக்கு மருமகன் முறை; கொழுந்தனாரின் மகளோ மகள் முறை. பிரெஞ்சுக்காரர் இருவரையும் ஒரே வரியில் வைக்கிறார். நம் ஊரில் மருமகன் முறை உள்ளவரை மகன் என்று அச்சிட்டுவிட்டால், கொள்வினை கொடுப்பினைக் கணக்கே மாறிப்போய், துக்க வீட்டிலேயே அதைப் பற்றிப் பேச்சு எழும். தம்பிக்கே அடையாளம் தெரியாத இரண்டு பெயர்கள் அந்த வரியில் எஞ்சின. ஊகித்து முறை எழுதுவதைவிட 'உடன்பிறந்தோர், மைத்துனர் குடும்பத்துப் பிள்ளைகள்' என்ற பொதுத் தலைப்பின் கீழ் வைப்பது பிழையற்றது என்று அப்படியே செய்தேன்.

பட்டியலின் முடிவில் 'பரான்' என்றொரு சொல் வரும். பெற்றோர் என்பதே அதன் முதற்பொருள் என்றாலும் இங்கே அது இரத்த உறவினரைக் குறிக்கிறது. அதை அடுத்து வரும் சொல் திருமண வழி வந்தவர்களைக் குறிக்கிறது. 78 வயது அம்மையாரின் அறிவிப்பில் பெற்றோர் துயருறுகிறார்கள் என்று எழுதினால் படிப்பவர்கள் திகைப்பார்கள். 'உற்றார், உறவினர், சம்பந்தி வீட்டார்' என்று முடித்தேன்.

பெயர்களைப் பொறுத்தவரை, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பதிவான தமிழ்ப் பெயர்களைத் தமிழுக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஓ, யு என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் உகர ஒலி என்பது தெரிந்தால் சவரிமுத்துவும் சுப்பிரமணியனும் தாமாகவே வெளிப்பட்டுவிடுவார்கள்.

மரியாதைச் சொற்களில் மிகவும் யோசித்தது, கணவரை இழந்தவர் என்று பெயருக்கு முன்னால் அங்கே வெளிப்படையாகப் போடும் சொல்லைப் பற்றித்தான். அதை விதவை என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் அறிவிப்புகளிலும் அப்படி எழுதும் வழக்கமில்லை. 'காலஞ்சென்ற இன்னாரின் துணைவியாரும், காலஞ்சென்ற இன்னாரின் மகளுமாகிய' என்ற நம் அமைப்பு, கணவர் பெயரையும் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்தே ஏந்திக்கொள்கிறது. திருச்சபையின் அருளடையாளங்களைப் பெற்று மறைந்தார் என்று மூலத்தில் இருந்ததால், 'நோயில் பூசுதல் பெற்று இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதினேன். மூலத்தில் சமயக் குறிப்பு ஏதும் இல்லாதிருந்தால் 'இயற்கை எய்தினார்' என்பதோடு நின்றிருப்பேன். இறந்தவரின் சமய நம்பிக்கையை மொழிபெயர்ப்பவர் தாமாகச் சேர்ப்பது முறையல்ல.

உடலைத் தூக்குதல் என்று பொருள்படும் தொடரை 'அஞ்சலிக் கூடத்திலிருந்து இறுதிப் பயணம் புறப்படும் நேரம்' என்று மாற்றினேன். எப்போது எடுக்கிறார்கள் என்று நம்மவர் கேட்பதற்கு அதுவே விடை. பூவும் வளையமும் வேண்டாம் என்ற வரி அப்படியே வைத்தால் வெடுக்கென்று ஒலிக்கும் என்பதால், 'மலர்வளையங்களைத் தவிர்த்துச் செபத்தில் நினைவுகூர வேண்டுகிறோம்' என்றானது. தனி மடலுக்குப் பதிலாக இந்த அறிவிப்பையே கொள்க என்ற கடைசி வரிக்கு, 'இதையே நேரில் தெரிவித்ததாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்' என்ற நம் வழக்கம் முன்பே தயாராக இருந்தது.

அச்சுக்குக் கொடுக்கும் முன், முழுவதையும் பிரான்சிலுள்ள மூத்த மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். மூத்த பேரனோடு மணமின்றி வாழும் பெண்ணின் பெயரும் மூலத்தில் அவனுடைய பெயருக்கு அருகிலேயே இருந்தது. அதைத் தமிழில் விட்டுவிடலாமா என்று தம்பி தயங்கினார். அந்த மகள், "மாமா, அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டதே அந்தப் பெண்தான், எடுத்துவிடாதீர்கள்" என்றார். 'பேரன்' என்பதற்குப் பக்கத்தில் 'அவர்தம் துணைவி' என்று சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பினோம்.